அம்மாவின் போனில் மூன்று ஊர் நேரம்

கேள்வி: "அண்ணன் நியூஜெர்சியில், தங்கை மெல்போர்னில், மாமா பையன் லண்டனில். அம்மா மனக்கணக்குப் போட்டு போன் பண்ணுவார், பாதி நாள் தூக்கத்தில் எழுப்பிவிடுகிறார். போன நவம்பரில் கணக்கே ஒரு மணி நேரம் தப்பிப்போச்சு. மூணு ஊர் நேரமும் முகப்புத் திரையிலேயே தெரியும்படி வைக்க முடியுமா? எந்த ஆப் நல்லது?"

வைக்கலாம், அதற்கென்று புதிதாக எந்த ஆப்பும் வேண்டாம், போனோடு வந்த கடிகாரமே போதும். நான் பன்னிரண்டு வருஷமாக ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறேன், ஊருக்குப் போனால் தெருவில் உள்ள பெரியவர்கள் போன் எல்லாம் என் கைக்குத்தான் வரும், அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன். கடிகாரத்தை வைப்பது ஐந்து நிமிஷ வேலை. வைத்த பிறகும் அம்மா தப்பான நேரத்தில் கூப்பிட மூன்று நான்கு காரணம் இருக்கிறது, அவற்றைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன்.

முதலில் நவம்பரில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது அம்மாவின் தப்பே இல்லை. நம் நேரம் வருஷம் முழுக்க ஒன்றுதான். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே வைப்பார்கள். 2007-இலிருந்து இந்தத் தேதிகள்தான். அதனால் நியூஜெர்சிக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அம்மா கோடை முழுக்க நம் மாலை நாலரைக்குக் கூப்பிட்டுப் பழகியிருந்தால் அண்ணனுக்கு அது காலை ஏழு மணி, எழுந்து காபி குடிக்கிற நேரம். நவம்பர் முதல் ஞாயிறு அன்றும் அதே நாலரைக்குக் கூப்பிட்டால் அங்கே காலை ஆறு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி.

மெல்போர்னில் இது தலைகீழ். அங்கே கோடைகாலம் நம் டிசம்பர், ஜனவரியில் வருவதால் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே வைக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் நாலரையிலிருந்து ஐந்தரை ஆகிவிடும். தங்கையை மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடும் பழக்கம் இருந்தால் ஜூலையில் அங்கே இரவு ஒன்பதரை, சமாளிக்கலாம். அக்டோபர் நடுவில் அதே ஐந்து மணி அங்கே பத்தரை, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அவரும் படுத்திருப்பார். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும், வித்தியாசம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையே ஆடும். ஆக உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வருஷத்தில் ஆறு நாள் கணக்கு மாறுகிறது. 2026-இல் அந்த நாட்கள் மார்ச் 8, மார்ச் 29, ஏப்ரல் 5, அக்டோபர் 4, அக்டோபர் 25, நவம்பர் 1. இதை யாரால் மனதில் வைத்துக்கொள்ள முடியும்?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கும். காலண்டர் அட்டையின் பின்பக்கம், நீல மையில் "அமெரிக்கா, நம்ம டைம்ல ஒன்பதரை கழி" என்று பேரன் எழுதிக்கொடுத்தது. ஒன்பதரையை அடித்துப் பத்தரை என்று எழுதி, பத்தரையை அடித்து மறுபடி ஒன்பதரை என்று எழுதி, இப்போது எது சரி என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மாவும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மகன் கூப்பிடட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் போனில் நான் முதலில் வைத்துக்கொடுத்ததே இந்தக் கடிகாரம்தான்.

லண்டனுக்கு ஒரு பழைய வழி உண்டு, சிலர் வீட்டில் கேள்விப்பட்டிருப்பீர்கள்: கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் தெரியும். நம் பகல் பன்னிரண்டுக்குத் திருப்பிப் பிடித்தால் இரண்டு முள்ளும் கீழே ஆறில் நிற்கும், ஆறரை என்று படித்துக்கொள்ளலாம், அங்கே காலை ஆறரைதான். ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்கு மட்டும் இது பொருந்தும், அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை. மற்ற ஏழு மாதம் ஒரு மணி நேரம் குறைத்துக் காட்டும்.

சரி, வைக்கும் முறை. கூகுளின் Clock ஆப் உள்ள ஆண்ட்ராய்டு போன் என்றால், அந்த ஆப்பைத் திறந்து கீழே Clock என்ற இடத்தைத் தொட்டு, + குறியை அழுத்தி, ஒவ்வொரு ஊராகச் சேருங்கள். அப்புறம் முகப்புத் திரையில் காலியான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் Widgets என்று வரும், அதில் Clock-ஐத் தேடி டிஜிட்டல் கடிகாரத்தை இழுத்து வெளியே விடுங்கள். சின்னதாக வைத்தால் நம் ஊர் நேரம் மட்டும்தான் தெரியும். அதன் மேல் மறுபடி அழுத்திப் பிடித்து, ஓரத்துப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்துப் பெரிதாக்கினால்தான் நீங்கள் சேர்த்த ஊர்கள் வரிசையாக வெளியே வரும். "சேர்த்தேன், ஆனால் காணோம்" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த இழுப்புதான் பாக்கி. சாம்சங் போனில் கடிகார ஆப்புக்குள் World clock என்று தனிப் பக்கம் உண்டு, விட்ஜெட்டுகளில் Dual clock என்று ஒன்று இருக்கும், அதில் இரண்டு ஊர். நம் நேரம் திரையின் உச்சியில் எப்போதும் இருப்பதால் அந்த இரண்டு இடத்தையும் வெளியூருக்கே கொடுத்துவிடுங்கள், மூன்றாவது ஊருக்கு இன்னொரு Dual clock. ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்து விட்ஜெட் சேர்க்கும் இடத்துக்குப் போய் Clock-ஐத் தேர்ந்தெடுத்தால் World Clock என்று நான்கு ஊர் காட்டும் அகலமான ஒன்று இருக்கிறது. வைத்த பிறகு அதை அழுத்திப் பிடித்து Edit Widget போய் ஊர்களை மாற்றிக்கொள்ளலாம். பட்டன்களின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், வழி இதேதான்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். போனுக்குள் இந்த நேரக் கணக்கு நாடு வாரியாக இல்லை, ஊர் வாரியாக இருக்கிறது. America/New_York, Australia/Melbourne, Europe/London என்று பெயர் வைத்த ஒரு பட்டியல், ஒவ்வொரு ஊருக்கும் எந்த ஞாயிறு எத்தனை மணிக்குக் கடிகாரம் மாறும் என்பது அதில் எழுதியிருக்கும். நியூஜெர்சி முழுக்க நியூயார்க் நேரம்தான், அதனால் பட்டியலில் அண்ணன் ஊர் இல்லையென்றால் நியூயார்க்கையே வைக்கலாம். எல்லா இடத்திலும் இப்படிப் பக்கத்து ஊரை எடுத்துவிடக் கூடாது. சிட்னியும் பிரிஸ்பேனும் ஒரே கரையில் இருக்கிற ஊர்கள், ஆனால் பிரிஸ்பேன் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இரண்டுக்கும் ஒரு மணி நேரம் இடிக்கும். அமெரிக்காவில் பீனிக்ஸும் மாற்றாது, டென்வர் மாற்றும், குளிர்காலத்தில் இரண்டும் ஒரே நேரம் காட்டும், மார்ச்சில் பிரிந்துவிடும். டிசம்பரில் போனை வாங்கி டென்வரை வைத்துவிட்டு "சரியாத்தானே இருக்கு" என்று நினைத்தவருக்கு மார்ச்சில்தான் தப்பு தெரியும். ஆளிடமே ஒரு தடவை கேட்டு, அவர் சொல்லும் பெரிய ஊரின் பெயரையே வையுங்கள். "GMT-5" மாதிரி எண்ணை மட்டும் கொடுக்கச் சொல்லும் ஆப் எதுவும் வேண்டாம், அதற்குக் கோடை மாற்றமே தெரியாது, நவம்பர் கதை திரும்ப நடக்கும்.

இப்போது கடிகாரம் வைத்தும் தப்பு நேரம் காட்டும் சமாச்சாரம். நான் பார்த்ததில் அதிகம் வருவது இது: துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் போனில் துபாய் நேரம் ஓடுகிறது, ஒன்றரை மணி நேரம் குறைவாக. அவர் செட்டிங்ஸில் போய் தானாக நேரம் எடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, முள்ளைத் திருப்புவது போல மணியை மட்டும் பத்து என்று கையால் மாற்றிவிடுகிறார். ஊர் துபாயாகவே இருக்கிறது. போன் என்ன நினைக்கும்? துபாயில் மணி பத்து என்று நினைக்கும். அதாவது உண்மை நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விட்டது. அந்தப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனால் உச்சியில் இந்திய நேரம் சரியாக இருக்கும், கீழே மற்ற எல்லா ஊரும் ஒன்றரை மணி நேரம் கூட்டியே காட்டும். ஜூலையில் நம் காலை பத்துக்கு நியூயார்க் நள்ளிரவு பன்னிரண்டரை, அந்தப் போனில் இரண்டு மணி என்று இருக்கும். இரவு அப்படி இருந்தால் பரவாயில்லை, எப்படியும் கூப்பிட மாட்டார். நம் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள், அங்கே உண்மையில் காலை ஐந்தரை, போன் ஏழு மணி என்று சொல்லும், அம்மா நம்பிக் கூப்பிட்டுவிடுவார். அதனால் முதல் வேலையாக அம்மா போனில் தேதி நேர செட்டிங்ஸுக்குப் போய் நேரமும் நேர வலயமும் இரண்டுமே தானாக எடுக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். வலயம் Kolkata என்றோ India Standard Time என்றோ இருக்க வேண்டும்.

இரண்டாவது, கடிகாரம் உறைந்து நிற்பது. போனோடு வரும் கடிகார விட்ஜெட்டை முகப்புத் திரையே நிமிஷத்துக்கு நிமிஷம் வரைந்துகொள்ளும், அது நிற்பது அபூர்வம். வெளியிலிருந்து இறக்கிய அழகான கடிகார ஆப்கள் சில அப்படி இல்லை, ஆப் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து எண்ணை மாற்றிவிட்டுப் போக வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்த ஆப்பைத் தூங்கவைத்துவிட்டால் எண் அப்படியே நிற்கும். விட்ஜெட்டுக்கு ஆண்ட்ராய்டு தானாகக் கொடுக்கும் இடைவெளியே குறைந்தது முப்பது நிமிஷம், அதை நம்பி எழுதிய கடிகாரம் அரை மணி நேரம் பின்தங்கினாலும் ஆச்சரியம் இல்லை. உறைந்த கடிகாரம் ரொம்ப ஆபத்து, பார்க்க ஓடுகிற கடிகாரம் மாதிரியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கே ஒரு வழி சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்திய நேரத்தில் ஒரு அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது இல்லையா, அதனால் நியூயார்க், லண்டன், மெல்போர்ன், சிங்கப்பூர், துபாய் எல்லாவற்றிலும் நிமிஷம் நம்முடையதிலிருந்து சரியாக முப்பது தள்ளி இருக்கும். நமக்கு 7:10 என்றால் அங்கெல்லாம் ஏதோ ஒரு மணி 40 நிமிஷம். மூன்று ஊருக்கும் நிமிஷ எண் ஒன்றாக இருக்க வேண்டும், நம் நிமிஷத்தோடு முப்பது கூட்டினதாகவோ கழித்ததாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கடிகாரம் நின்றுவிட்டது, அல்லது மேலே சொன்ன துபாய் வேலை நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: போனில் இந்திய நிமிஷம் 00, நியூயார்க் நிமிஷமும் 00 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், செட்டிங்ஸில்தான் பிசகு. அடிலெய்டு மாதிரி சில ஊர்கள் விதிவிலக்கு, அங்கே நிமிஷம் நம்மோடு ஒத்துப்போகும். இந்த முறை மணி தப்பைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஊரையே தப்பாக வைத்திருந்தால் நிமிஷம் சரியாகத்தான் இருக்கும்.

பழைய போன் என்றால் இன்னொன்று. அந்த ஊர்ப் பட்டியலை அரசாங்கங்கள் அவ்வப்போது மாற்றிவிடும். மெக்சிகோ 2022 அக்டோபரில் பெரும்பகுதி நாட்டில் கோடை மாற்றத்தையே நிறுத்திவிட்டது, எகிப்து முன்பு விட்டதை 2023-இல் திரும்பக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து இந்தப் பட்டியல் கூகுள் அப்டேட்டோடு தனியாக வந்துவிட வழி இருக்கிறது, அதற்கு முந்தைய போன்கள் பெரும்பாலும் கம்பெனி அனுப்பினால்தான் உண்டு. உங்கள் மூன்று ஊரின் விதிகளும் பல வருஷமாக மாறவில்லை, ஆகவே பழைய போனிலும் சரியாகவே காட்டும். அமெரிக்காவில் கோடை நேரத்தையே நிரந்தரமாக்கி இந்த மாற்றத்தை நிறுத்த ஒரு மசோதாவை 2022 மார்ச்சில் செனட் நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபையில் அது அப்படியே நின்றுபோனது. என்றைக்காவது நிறைவேறினால் அப்டேட் வராத போன்கள் எல்லாம் வருஷத்தில் நாலு மாதம் நியூயார்க்கைத் தப்பாகக் காட்டும்.

அம்மா கண்ணுக்குப் போவோம். ஊர்ப் பெயர் அம்மாவுக்கு முக்கியம் இல்லை, "New York" என்று பார்த்தால் அண்ணன் என்று உடனே தோன்றாது. போனோடு வரும் கடிகாரங்களில் ஊர்ப் பெயரை அழித்து ஆள் பெயர் எழுத வழியில்லை. நான் செய்வது, போன் புத்தகத்தில் ஆள் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துவிடுவேன், கடிகாரத்தில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில். அண்ணன் பெயருக்குப் பின்னால் New York. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்றாலும் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது கண்ணுக்குத் தெரியும். போனை முழுக்கத் தமிழில் வைத்திருந்தால் ஊர்ப் பெயரும் தமிழில் வரக்கூடும், வந்தால் போன் புத்தகத்திலும் தமிழிலேயே எழுதிவிடுங்கள். அந்த மூவரையும் தொட்டவுடன் கூப்பிடும் சின்னங்களாகக் கடிகாரத்துக்கு நேர் கீழே, அதே வரிசையில் வைத்தால் இன்னும் நல்லது. விரல் அண்ணன் படத்துக்குப் போகும்போது கண் அண்ணன் நேரத்தைத் தாண்டித்தான் போகும். கடிகாரம் இரண்டாவது திரையில் இருந்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார், இதை நான் பல வீட்டில் பார்த்துவிட்டேன்.

முள் வைத்த கடிகாரம் அழகாக இருக்கும், பெரியவர்களுக்குப் பழக்கமும்கூட, ஆனால் எட்டு மணி காலையா ராத்திரியா என்று அது சொல்லாது. அமெரிக்க நேரத்துக்கு அது போதாது. ஐபோன் விட்ஜெட்டில் இரவு என்றால் முகம் கறுப்பாகவும் பகல் என்றால் வெள்ளையாகவும் மாறும், அதை அம்மா இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார், "கறுப்பா இருந்தா தூங்குறான்". ஆண்ட்ராய்டில் எண் கடிகாரமே வையுங்கள், AM, PM தெரிகிறதா என்று பாருங்கள். ரயில் டைம் படித்துப் பழகியவர் என்றால் 24 மணி முறையே சிறந்தது, 22:30 என்று பார்த்தால் யாருக்கும் குழப்பம் வராது.

நாளும் ஒரு சிக்கல். நம் காலை ஏழு மணிக்கு நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு. அண்ணன் மகள் பிறந்தநாளுக்குக் காலையில் குளித்து விளக்கேற்றிவிட்டு அம்மா முதல் ஆளாக வாழ்த்துச் சொல்வார், அங்கே பிறந்தநாளே இன்னும் பிறந்திருக்காது. அன்றைக்கு மட்டும் நம் மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், அங்கே அதே தேதியின் காலை.

கடிகாரத்தால் முடியாதது ஒன்று இருக்கிறது. அங்கே மணி என்ன என்று அது சொல்லும், ஆள் விழித்திருக்கிறாரா என்று சொல்லாது. தங்கை நைட் ட்யூட்டி பார்க்கிற நர்ஸ் என்றால் மெல்போர்ன் காலை பதினொன்றுதான் அவருக்கு நள்ளிரவு. அண்ணன் வேலையாகக் கலிபோர்னியா போயிருந்தால் நியூயார்க் கடிகாரம் மூன்று மணி நேரம் கூடுதலாகக் காட்டும், அவர் ஊர் மாறியது அம்மா போனுக்குத் தெரியாது. இதற்கு எந்த ஆப்பும் உதவாது, "அம்மா, இந்த வாரம் நானே கூப்பிடுறேன்" என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் பொருந்தும் நேரம் உண்டா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜனவரியில் நம் காலை ஏழுக்கு நியூஜெர்சியில் இரவு எட்டரை, மெல்போர்னில் பகல் பன்னிரண்டரை, ஜூலையில் அதுவே ஒன்பதரையும் பதினொன்றரையும். அண்ணனும் தங்கையும் காலையில் அடங்கிவிடுகிறார்கள். லண்டனில் அப்போது விடியற்காலை ஒன்றரை அல்லது இரண்டரை, அதனால் மாமா பையனுக்கு மட்டும் தனியாகப் பிற்பகல் நாலு மணி, அங்கே காலை பத்தரை அல்லது பதினொன்றரை. அவர் வேலைக்குப் போகிறவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை.

கடைசியாக, வெளி ஆப் எதையாவது போட்டே ஆக வேண்டும் என்றால் அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். உலக நேரம் காட்ட ஒரு கடிகாரத்துக்கு உங்கள் போன் புத்தகமோ படங்களோ தேவையே இல்லை. கேட்டால் அழித்துவிடுங்கள். அம்மா போன் எந்த மாடல் என்று எழுதுங்கள், எந்த விட்ஜெட், எங்கே தொட வேண்டும் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.